கல்யாணத்துக்கு அப்புறம் கதை ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி:

காதல் தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபதாவது அத்தியாயத்தில் சுதாவுக்கும் முரளிக்கும் கல்யாணம் முடிந்தது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று படித்தவர்கள் கேட்டதால் தொடர்ந்தேன். நான்கு அத்தியாயத்துக்கு மேல் தாண்டவில்லை. முரளியின் பழைய தோழியைக் கொண்டுவந்தேன், பிறகு ஒரு விபத்து வைத்தேன். எனக்கே பிடிக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் சொல்ல ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. காதல் கதைகள் ஏன் கல்யாணத்தோடு முடிகின்றன? அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லையா, எனக்கு எழுதத் தெரியவில்லையா? அந்த நான்கு அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நான்கையும் படித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

காதல் கதை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஓடுவது: இவர்கள் சேருவார்களா? ஒவ்வொரு காட்சியும் இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கொஞ்சம் குறைக்கும், அல்லது கூட்டும். கடிதம் கிடைத்தால் குறைகிறது, கிடைக்காமல் போனால் கூடுகிறது. அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் தவிக்கும் எழுத்தாளருக்குக்கூட இந்தத் தூரம் வழிகாட்டிவிடும். கல்யாணம் அந்தக் கேள்விக்கு நாலு பேர் முன்னால் கிடைக்கும் பதில். அதற்குத் தேதி உண்டு, சாட்சி உண்டு, நடந்த பிறகு நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு கதையை முடிக்க இவ்வளவு வசதியான நிகழ்ச்சி வாழ்க்கையில் இன்னொன்றுதான் இருக்கிறது, அது மரணம். பழைய நாடகக்காரர்கள் இரண்டையும் பங்கிட்டுக்கொண்டார்கள். துன்பியல் நாடகம் சாவில் போய் முடியும், இன்பியல் நாடகம் கல்யாணத்தில். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரேக்கத்தில் மெனாண்டர் எழுதிய நாடகங்களிலேயே இந்த அச்சு தயாராகிவிட்டது: பையனுக்குப் பெண்ணைப் பிடிக்கும், யாரோ ஒரு பெரியவர் குறுக்கே நிற்பார், அவர் விலகியதும் கல்யாணம், திரை.

நாவல் வந்தபோது இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் 1857 வரை, மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் அந்த ஒரு தம்பதிக்காகத் தனிச்சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பெண்ணின் பணமும் பொருளும் கல்யாணத்தோடு கணவன் கைக்குப் போய்விடும். 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறியது. அப்படிப்பட்ட உலகத்தில் ஒரு பெண் எடுக்கக்கூடிய ஒரே பெரிய முடிவு, யாருக்குச் சரி சொல்வது என்பதுதான். அதைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. ஜேன் ஆஸ்டின் முழுதாக எழுதி முடித்த ஆறு நாவல்களும் கல்யாணத்தில் முடிவதைப் பார்த்து இனிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அவை, ஒருத்தியின் சாப்பாடு, கூரை, மரியாதை மூன்றும் ஒரே பதிலில் தொங்கும் பதற்றக் கதைகளாகத்தான் தெரிகின்றன. பதில் வந்ததும் பதற்றம் தீர்ந்துவிடுகிறது, அவரும் சட்டென்று நாலு வரியில் கல்யாணத்தை முடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

சட்டமும் காலமும் மாறின. கதையின் அச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது உங்கள் நான்கு அத்தியாயங்களுக்கு வருகிறேன். பழைய தோழி வந்தாள், சந்தேகம் வந்தது, பேச்சு நின்றது. பிறகு விபத்து, ஆஸ்பத்திரி, கண்ணீர், சமாதானம். சுதாவும் முரளியும் மறுபடி பிரிந்து மறுபடி சேருகிறார்கள். அதாவது முதல் இருபது அத்தியாயங்களைச் சுருக்கி இன்னொரு தடவை எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான். திருமணமான பிறகு நடக்கும் புகழ்பெற்ற நாவல்களை எடுத்துப் பாருங்கள், பலவற்றில் மூன்றாவது ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். துரோகம் வந்தால் தூரம் திரும்ப வந்துவிடும், தூரம் வந்தால் எழுதத் தெரிந்த கதை கைக்கு வந்துவிடும். துரோகக் கதையைக் குறை சொல்லவில்லை. அது கல்யாணம் உடைவதைப் பற்றிய கதை. உடையாமல், பெரிதாக ஒன்றும் நடக்காமல் போய்க்கொண்டே இருக்கும் கல்யாணத்தைத்தான் புனைகதை அநேகமாகத் தொடுவதில்லை. பதினோரு வருஷ அனுபவம் இருந்தும் சொல்ல ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம், அதைச் சொல்லிப் பழகிய கதைகள் நம் கையில் குறைவு என்பதுதான்.

இதில் எழுத்தின் உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. கதை ஒரு தடவை நடந்ததை ஒரு தடவை சொல்லும். கல்யாணமோ ஆயிரம் தடவை நடந்தவற்றால் ஆனது. உங்கள் இருபத்தோராவது அத்தியாயத்தில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். "வருவான்", "எடுத்து வைப்பாள்", "சிரிப்பாள்", "தூங்கிப்போவான்." இரண்டு பக்கம் முழுக்க இப்படித்தான் போகிறது. வழக்கமாக நடப்பதைச் சொல்லத் தமிழில் இந்த வடிவம் கைக்கு லகுவாக வரும். அதில் ஒரு வாக்கியம் அழகு, நாலு வாக்கியம் பரவாயில்லை. இரண்டு பக்கம் போனால் யாருக்கும் எதுவும் நடக்காது, எல்லாம் பொதுவாகவே நிற்கும். படிப்பவர் எப்போது காட்சி வரும் என்று காத்திருந்து களைத்துப்போவார். வழக்கத்தை இரண்டே வரியில் நிறுவிவிட்டு, அந்த வழக்கம் தவறிய ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் போய்விட வேண்டும். "வந்தான்", "வைத்தாள்" என்று வினை மாறும் அந்த இடத்தில்தான் காட்சி தொடங்குகிறது.

சரி, எந்த வழக்கம்? இங்கேதான் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன்: சண்டை. அதுவும் பெரிய சண்டை வேண்டாம், தீராத சின்னச் சண்டை.

தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், கணவன் மனைவிக்குள் வரும் பிணக்குகளில் 69 சதவீதம் தீர்வே இல்லாதவை என்று எழுதுகிறார். இருவரின் சுபாவத்திலிருந்து கிளம்புபவை என்பதால் அவை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நன்றாக வாழ்பவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் அதைத் தீர்ப்பதில்லை, அதோடு பேசிக்கொண்டிருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கதை எழுதுபவருக்கு இது கசப்பான செய்தி. சண்டை வந்தால் அதைத் தீர்த்து வைக்க வேண்டும் என்பது நம் தொழில் பழக்கம். அத்தியாய முடிவில் யாராவது மன்னிப்புக் கேட்டாக வேண்டும், அல்லது கிளம்பிப் போயாக வேண்டும். மறுநாள் அதே சண்டை அதே இடத்தில் தொடங்கினால், எழுதியதையே எழுதுகிறோமோ என்று கை கூசும். அந்தக் கூச்சத்தில்தான் பழைய தோழியைக் கூப்பிட்டுவிடுகிறோம்.

வள்ளுவருக்கு இந்தக் கூச்சம் இல்லை. காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். உரைகாரர்கள் பிரித்தபடி களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. அதாவது கல்யாணத்துக்கு முந்தைய காதலுக்குக் கொடுத்த இடத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பிந்தையதற்குப் போயிருக்கிறது. முடியும் இடமும் ஊடல்தான். கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. இதில் புலவி நுணுக்கத்தின் கடைசி நாலு குறளை ஒரு நாவலாசிரியர் பார்வையில் படியுங்கள். அவன் தும்முகிறான். "வழுத்தினாள் தும்மினேன் ஆக", வாழ்த்துகிறாள். உடனே வாழ்த்தை அழித்துவிட்டு, யாரை நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் பாடம் கற்றுக்கொண்டு தும்மலை அடக்குகிறான். உங்களுக்கு வேண்டியவர் உங்களை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா என்று அதற்கும் அழுகிறாள். மூன்றாவதில் சமாதானப்படுத்திப் பார்க்கிறான். மற்றவர்களையும் இப்படித்தான் சமாதானப்படுத்துவீர்களோ என்று காய்கிறாள். நாலாவதில் ஒன்றும் செய்யாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள் என்கிறாள்.

மூன்றாவது ஆள் அங்கே இல்லவே இல்லை. அவள் எண்ணத்தில் மட்டும்தான் இருக்கிறாள். நிகழ்ச்சி என்று பார்த்தால் ஒரு தும்மல். ஆனால் ஒவ்வொரு படியிலும் அவன் முந்தைய படியில் தெரிந்துகொண்டதை வைத்து நடந்துகொள்கிறான், ஒவ்வொரு படியிலும் அது செல்லாமல் போகிறது. சண்டை ஒன்றுதான், அதில் நிற்கும் ஆட்களின் அறிவு மட்டும் மாறிக்கொண்டே போகிறது. திருமணத்துக்குப் பிறகான கதை நகர்வது இப்படித்தான்.

உங்கள் இருபத்திரண்டாவது அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது முரளி, "கதவு பூட்டியாச்சா?" என்று கேட்கிறான். சுதா, "பூட்டிட்டேன்" என்கிறாள். அவன் எழுந்துபோய் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறான். எழுதிவிட்டு அடுத்த வரியில் தோழியின் போனுக்குப் போய்விட்டீர்கள். இந்தக் கதவில் நின்றிருக்க வேண்டும்.

எப்படி என்று போட்டுப் பார்ப்போம். முதல் வருஷம் சுதாவுக்கு அது பிடித்திருக்கிறது. தன்னைக் காக்க ஒருவன் எழுந்துபோகிறான் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொள்கிறாள். தன் அம்மாவிடம் போனில் பெருமையாகக்கூடச் சொல்கிறாள். இதற்கு ஒரு பக்கம் போதும்.

நாலாவது வருஷம். வேலையிலிருந்து அலுத்து வந்த ஒரு நாள், அதே கேள்வி, அதே பதில். அவன் எழுகிறான். "பூட்டிட்டேன்னு சொன்னேன்ல?" அவன், "சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்." "அப்ப என்னை எதுக்குக் கேட்டீங்க?" இந்தக் கேள்விக்கு அவனிடம் உண்மையாகவே பதில் இல்லை. அவளைப் பொறுத்தவரை சண்டை நம்பிக்கையைப் பற்றியது: நான் சொன்னால் அது போதாதா? அவனைப் பொறுத்தவரை அது தூக்கத்தைப் பற்றியது: கையால் தொட்டுப் பார்க்காவிட்டால் அவனுக்குக் கண் மூடாது. சின்ன வயதில் அவன் வீட்டில் ஒரு ராத்திரி நடந்ததை அவன் அவளிடம் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதும் இல்லை. இருவரும் வேறு வேறு சண்டை போடுகிறார்கள், ஒரே கதவை வைத்துக்கொண்டு. யாரும் ஜெயிக்கவில்லை. அவன் போய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான். இந்த இடத்தில் அவனைப் பிளாஷ்பேக்கில் பேசவைத்துக் கட்டிப்பிடித்து முடித்துவிடாதீர்கள். அந்த ஆசை வரும்.

ஆறாவது வருஷம் அவள் பதில் சொல்வதையே நிறுத்திவிடுகிறாள். அவன் கேட்பதை நிறுத்திவிடுகிறான். நேராக எழுந்துபோய்ப் பார்க்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் சண்டை தீர்ந்துவிட்டது. படிப்பவருக்கு மட்டும் இது நாலாவது வருஷத்தைவிட மோசமான ராத்திரி என்று தெரிய வேண்டும். தெரிகிறதா இல்லையா என்பதுதான் உங்கள் எழுத்துக்குப் பரீட்சை.

ஒன்பதாவது வருஷம் அவனுக்கு முதுகுப் பிடிப்பு, எழுந்திருக்க முடியவில்லை. சுதா விளக்கை அணைக்கும் முன் வாசலுக்குப் போகிறாள். பூட்டியது அவளேதான், அவளுக்குத் தெரியும். இருந்தும் பூட்டைப் பிடித்து, படுக்கையறைவரை சத்தம் கேட்கிற மாதிரி இரண்டு தடவை இழுத்து ஆட்டிவிட்டு வருகிறாள். அவன் ஒன்றும் சொல்வதில்லை. அவளும் காதல் வசனம் பேசுவதில்லை; "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கலாம், அவ்வளவுதான். முந்தைய மூன்று ராத்திரிகளையும் படித்தவருக்கு அந்தச் சத்தம் போதும். படிக்காதவருக்கு அது வெறும் பூட்டு. கல்யாணக் கதை எழுதுவதில் உள்ள கஷ்டமும் லாபமும் இதுவே. காதல் காட்சியைத் தனியாக வெட்டி யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், இதைக் காட்ட முடியாது. இதன் கனம் முழுக்க முன்னால் நடந்தவற்றில் இருக்கிறது.

இது ஓடும்போது தவறுகிற இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய கைப்பிரதிகளில் பார்க்கிறேன். மூன்றாவது சண்டையில் இருவரும் முதல் சண்டையில் பேசியதையே கொஞ்சம் சத்தமாகப் பேசுவார்கள். அப்போது அது கதையாக இல்லாமல் வெறும் திரும்பச் சொல்லலாகிவிடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரண்டு காட்சிகளையும் இடம் மாற்றி வைத்துப் படியுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். நாலாவது வருஷச் சண்டையை முதல் வருஷத்தில் வைக்கவே முடியாது என்ற நிலை வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சுதா, "நாளைக்கு உங்கள் அண்ணன் வருகிறாரே, போன தடவை வந்தபோது அவர் என்னிடம் கோபித்துக்கொண்டாரே" என்கிறாள். முரளிக்கு இது தெரியாதா? படிப்பவருக்குச் செய்தி கொடுக்க அவள் வாயைக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். காதலிக்கும்போது இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது, ஆகவே பேச்சில் செய்தி இயல்பாக வரும். கல்யாணமாகிச் சில வருஷம் ஆனவர்களின் பேச்சில் பாதி காணாமல் போயிருக்கும். "நாளைக்கு அண்ணன்." "ம்." "நான் சமையலறையிலேயே இருந்துக்கறேன்." போன தடவை ஏதோ நடந்திருக்கிறது என்று படிப்பவர் ஊகித்துக்கொள்ளட்டும். அப்புறம், வந்திருக்கும் விருந்தாளிகளிடம் முரளி தன் முதல் வேலை போன கதையைச் சொல்லட்டும். சுதா அதை எத்தனையோ தடவை கேட்டவள். எங்கே நிறுத்துவான், எங்கே சிரிப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை ஒரு துண்டை விட்டுவிடுகிறான், மேலாளரிடம் கெஞ்சிய துண்டை. அவள் எடுத்துக்கொடுக்கிறாளா, பேசாமல் இருந்துவிடுகிறாளா? இந்த மாதிரி ஒரு முடிவில் இருக்கும் விசுவாசமோ துரோகமோ பழைய தோழி கதையில் கிடைக்காது.

ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' (1871-72) இதை நன்றாகச் செய்த நாவல். டாக்டர் லிட்கேட் கடனில் மாட்டிக்கொண்டு மனைவி ரோசமண்டிடம் முதல் தடவையாக உண்மையைச் சொல்லுகிறான். அவள், "நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறாள். இதையே முழுத் துணையாக நிற்பவளும் சொல்லலாம், எனக்கென்ன என்று ஒதுங்குபவளும் சொல்லலாம், குரலில்தான் எல்லாம் இருக்கிறது என்று எலியட் அங்கேயே நின்று விளக்குகிறார். ரோசமண்டின் குரலில் ஒதுக்கம். அப்புறம் அவர்களுக்குள் நடப்பதெல்லாம் வீட்டுச் சாமான், வீடு, யாருக்குக் கடிதம் எழுதுவது என்ற அளவில்தான். ஆனாலும் எந்தத் துரோகக் கதைக்கும் குறையாத பயம் வரும். பணம் பேசும் தம்பதிகளைக் கதையில் பார்ப்பது அபூர்வம். உங்கள் கதையில் யார் சம்பளம் எங்கே போகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தீராத சண்டை என்றதும் எல்லாவற்றையும் ஊடல் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இருவரில் ஒருவர் மற்றவருக்குப் பயந்து வார்த்தையை விழுங்கினால் அது பிணக்கு இல்லை, அடக்குமுறை. அதை நகைச்சுவையாகவோ செல்லமாகவோ எழுதினால் படிப்பவரில் சிலருக்குச் சுருக்கென்று குத்தும், குத்துவது நியாயம். வள்ளுவரின் அந்த நாலு குறளிலும் அவள்தான் தயங்காமல் கேட்கிறாள், அவன்தான் திணறுகிறான். கதவுக் காட்சியில் சுதாவால் "என்னை எதுக்குக் கேட்டீங்க?" என்று வாய்விட்டுக் கேட்க முடிகிறது. ஆறாவது வருஷம் அவள் மௌனமாவது அலுத்துப்போய்த்தான். பயந்துபோய் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தால் கதை வேறு கதையாகிவிடும். அந்தக் கதையையும் எழுதலாம், ஆனால் எது என்று முதலிலேயே முடிவுசெய்துகொண்டு எழுதுங்கள்.

எங்கே முடிப்பது என்று அடுத்து கேட்பீர்கள். கல்யாணம் மாதிரி கைக்கு வரும் முடிவு இங்கே கிடையாது. சாவிலோ பிரிவிலோ கொண்டுபோய் நிறுத்துவது சுலபம் என்பதாலேயே வேண்டாம் என்பேன். பழைய சண்டையைப் பழைய மாதிரி இனி போடவே முடியாது என்ற இடம் ஒன்று வரும். சில சமயம் இருவரும் இடம் மாறிக்கொண்டிருப்பார்கள், சில சமயம் ஒருவருக்கு மற்றவரின் காரணம் தெரிந்துபோயிருக்கும், தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பார். அதைத் தாண்டி ஒரு அத்தியாயம் எழுதிப் பாருங்கள். புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டால் அதை நீக்கிவிட்டு முந்தையதிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போதைக்கு இருபத்து மூன்றாவது அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிடுங்கள், தோழியும் விபத்தும் அதோடு போகட்டும். இருபத்து நாலில் ஆஸ்பத்திரிக் காட்சி தனியாக நிற்கும், அதுவும் வேண்டாம். அதில் சுதா அலுவலகத்துக்குப் போன் செய்து லீவு சொல்லும்போது, "வீட்டுக்காரருக்கு" என்று ஆரம்பித்துப் பாதியில் "முரளிக்கு" என்று மாற்றுகிறாளே, அந்த நாலு வரியை மட்டும் வெட்டிப் பத்திரமாக வையுங்கள். முதுகுப் பிடிப்பு வரும் நாளில் அதற்கு இடம் இருக்கிறது.